சுவரில் 64 சீட்டுகள்: எந்த வரிசையில் எண்ணிடுவது?

கோபிப் பக்கத்தில் ஒரு திருமண மண்டபம். கீழ்பவானி வாய்க்கால் பாசன விவசாயிகள் ஒரு நாள் அங்கே கூடினார்கள். கூட்டம் நடத்தியவர்கள் பக்கச் சுவரில் நீலச் சாக்பீஸால் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இடது முனை பவானிசாகர் அணை, வலது முனை கரூர் மாவட்டத்துக் கடைமடை. 200 கிலோமீட்டர் வாய்க்கால் அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருந்தது. வந்தவர்கள் தங்கள் ஊர் எந்த இடத்தில் வருகிறதோ அதற்கு மேலேயோ கீழேயோ ஒட்டுச்சீட்டுகளை ஒட்டினார்கள். குறையை மஞ்சளில், கோரிக்கையை இளஞ்சிவப்பில், தாங்களே செய்யக்கூடியதைப் பச்சையில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. மாலையில் சீட்டுகளை உரித்து ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டாகக் கட்டிவிட்டார்கள். சுவரின் நான்கு புகைப்படங்கள் என்னிடம் வந்தன. ஒன்று முழுச் சுவரையும் காட்டியது, மூன்று பகுதி பகுதியாக நெருங்கி எடுத்தவை. ஒவ்வொரு சீட்டையும் எழுத்தில் இறக்கித் தர வேண்டியது என் பொறுப்பு.

எழுத்தைப் படிப்பதுதான் கடினம் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பியது வரிசைதான். எங்கே தொடங்குவது, அடுத்தது எது, எந்தச் சீட்டுக்கு எந்த எண் என்று முடிவு செய்யாமல் எழுதினால் சில சீட்டுகள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும். நான்கு வழிகளை அந்த ஒரே சுவரில் செய்து பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எண்ணிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, எந்த வழியைத் தேர்ந்தாலும் அது வேண்டும். எழுத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்துச் சீட்டுகளை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் 31, இளஞ்சிவப்பு 20, பச்சை 13, மொத்தம் 64. பின்னால் பட்டியல் சரியா என்று பார்க்க இந்த ஒரு கணக்குதான் கையில் இருக்கும். பட்டியலை வைத்தே பட்டியலைச் சரிபார்க்க முடியாது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். புத்தகம் படிப்பதுபோல மேல் வரிசையில் இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரிசைக்கு இறங்கினேன். முழுச் சுவர்ப் படத்தைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக எழுதினேன். முடித்து எண்ணினால் 63. ஒன்று குறைகிறது என்று தேடியபோதுதான் இரண்டு சீட்டுகளை விட்டுவிட்டு, ஒன்றை இரண்டு முறை எழுதியிருப்பது தெரிந்தது. மொத்தம் மட்டும் 64 ஆக வந்திருந்தால் அதுகூடத் தெரிந்திருக்காது. ஒன்றை விட்டு ஒன்றை இரட்டித்தால் மொத்தம் சரியாகவே வரும். நிறவாரியாக எண்ணி வைப்பது அதற்காகத்தான். விட்டது பச்சை, இரட்டித்தது மஞ்சள் என்றால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பிழை எங்கே வந்தது என்று பார்த்தேன். படம் எடுத்தவர் கைப்பேசியை ஏறத்தாழ இரண்டு பாகை சாய்த்துப் பிடித்திருந்தார். கண்ணுக்கு அது சாய்வாகவே தோன்றாது. ஆனால் மூன்று மீட்டர் அகலத்தில் இரண்டு பாகைச் சாய்வு என்றால் வலது முனை 105 மில்லிமீட்டர் இறங்கிவிடும். ஒட்டுச்சீட்டின் வழக்கமான அளவு மூன்று அங்குலச் சதுரம், அதாவது 76 மில்லிமீட்டர். இடது முனையில் மூன்றாவது வரிசையில் தொடங்கிய என் கண், நேராகப் போவதாக நினைத்து, வலது முனைக்குப் போகும்போது இரண்டாவது வரிசையில் போய்ச் சேர்ந்தது. ஒரு முழுச் சீட்டு உயரத்துக்கும் மேல் நழுவல். தவிர, மனிதர்கள் சீட்டை ஓடு பதிப்பதுபோல ஒட்டுவதில்லை. உயரமானவர் மேலே ஒட்டுவார், பக்கத்தில் நின்றவர் நான்கு விரல் கீழே ஒட்டுவார். வரிசை என்று நாம் சொல்வது சுவரில் இல்லை, நாம்தான் கற்பனை செய்துகொள்கிறோம்.

கணினியில் ஒவ்வொரு சீட்டின் நடுப்புள்ளியையும் குறித்து, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தச் சொல்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டில் வலப்பக்கத்துச் சீட்டு ஒரு நூலிழை மேலே இருந்தாலும் அது முந்திக்கொள்ளும். இதற்குப் பரிகாரமாக, உயர வித்தியாசம் அரைச் சீட்டுக்குள், அதாவது 38 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒரே வரிசை என்று கொள்வார்கள். நேரான படத்துக்கு அது போதும். 105 மில்லிமீட்டர் இறங்கிய படத்துக்கு அந்த 38 எந்த மூலைக்கு?

இருபது சீட்டுக்குள் இருக்கும் சுவருக்கு வரிசை வழியே போதும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பார்வையில் முழுவதும் அடங்கிவிடும், பிழை வந்தாலும் உடனே தெரியும். அறுபதைத் தாண்டிய சுவருக்கு அது ஆகாது.

அடுத்து நிறம். மஞ்சளை முதலில், இளஞ்சிவப்பைப் பிறகு, பச்சையைக் கடைசியில் எழுதுவது. வேகமான வழி, கண்ணுக்கும் எளிது. குறைகள், கோரிக்கைகள், செய்யக்கூடியவை என்று அறிக்கைக்கு மூன்று பிரிவுகள் தாமாகவே கிடைத்துவிடும் என்ற ஆசையும் இருந்தது. மஞ்சள் சீட்டுகளைப் படித்துக்கொண்டே வந்தபோது ஆறு சீட்டுகள் உறுத்தின. மஞ்சளில் எழுதியிருந்தாலும் அவை குறைகள் அல்ல. ‘மதகுக் கதவை மாற்றித் தர வேண்டும்’ என்பதுபோல நேரடியான கோரிக்கைகள். ஆறும் சுவரின் வலது ஓரத்தில் இருந்தன. கூட்டம் நடத்தியவரைக் கேட்டேன். மதியத்துக்கு மேல் இளஞ்சிவப்புக் கட்டு தீர்ந்துவிட்டது என்றார். கடைமடை ஊர்க்காரர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள், வந்து சேரவே தாமதம். அவர்கள் கைக்குக் கிடைத்தது மஞ்சள்தான்.

நிறத்தை நம்பிப் பிரித்திருந்தால் கடைமடையின் கோரிக்கைகள் கோரிக்கைப் பட்டியலில் இருந்தே காணாமல் போயிருக்கும். தண்ணீரிலும் கடைசி, பட்டியலிலும் இல்லை என்றாகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. நிறத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு சீட்டுக்கும் தவறாமல் எழுத வேண்டும். ஆனால் அதை வைத்து எண்ணிடக் கூடாது. குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும் என்ற தொல்லையும் உண்டு.

மூன்றாவது வழி, பொருள் பார்த்துச் சேர்ப்பது. கசிவு பற்றியவை ஒரு கூட்டம், மதகு பற்றியவை ஒரு கூட்டம், நீர் திறக்கும் தேதி பற்றியவை ஒரு கூட்டம். சீட்டுகளைப் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டும் கருத்துகளைச் சேர்த்து, பிறகு தலைப்புக் கொடுக்கும் முறையை ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா 1960-களில் வகுத்துத் தந்தார். நல்ல முறை. ஆனால் எல்லாச் சீட்டுகளும் முழுதாகக் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. படத்திலிருந்து எழுதி இறக்கும்போதே அதைச் செய்யத் தொடங்கினால், இன்னும் படிக்காத சீட்டுக்கும் சேர்த்து முடிவெடுப்பதாக ஆகிவிடும்.

எங்கள் சுவரில் அது எப்படித் தவறும் என்று ஓர் இடத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு சீட்டு, ‘கசிவால் தண்ணீர் பாதி வழியில் போய்விடுகிறது’ என்றது. இன்னொன்று, ‘கசிவு நின்றால் எங்கள் கிணறு வற்றிவிடும்’ என்றது. இரண்டிலும் கசிவு என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூட்டில் போட்டால் ‘கசிவு: 2 சீட்டுகள்’ என்று ஒரு வரி கிடைக்கும், அந்த வரி இருவரையும் ஏமாற்றும். எதிரெதிரான இரண்டு கோரிக்கைகள் ஒரு எண்ணிக்கைக்குள் கரைந்துவிடும். மதகும் தூர்வாருதலும் சேர்ந்து வரும் சீட்டுகள் வேறு இருந்தன, அவற்றை எந்தக் கூட்டில் வைப்பது? எண் ஒன்றுதான் இருக்க முடியும், பொருள் இரண்டாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. இப்போது பொருளைத் தனிக் கட்டத்தில் எழுதுகிறேன். வேண்டுமானால் ஒரு சீட்டுக்கு இரண்டு பொருள்கூட எழுதலாம், எண் அசையாது.

நான்காவது வழிக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவர் ஒரு பெரியவர். முதல் பட்டியலை, அந்த 63 சீட்டுப் பட்டியலைத் திருத்தியபின் அவரிடம் காட்டினேன். முத்தூர்ப் பக்கம் நிலம் உள்ளவர். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “எல்லாம் எழுதியிருக்கிறாய் அம்மணி. ஆனால் என் சீட்டு அணைப் பக்கத்துக்காரர் சீட்டுக்கு அடுத்து வந்திருக்கிறதே, நாங்கள் பக்கத்துப் பக்கத்து ஊரா?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. அந்தச் சுவரில் இடம்தான் செய்தி. ‘தண்ணீர் 12 நாள் கழித்து வந்தது’ என்ற சீட்டு தலைமடையில் இருந்தால் ஒரு பொருள், கடைமடையில் இருந்தால் வேறு பொருள். இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் போனால் ஒவ்வொரு வரிசையிலும் அணையிலிருந்து கடைமடை வரை ஓடி மீண்டும் அணைக்குத் திரும்பி வருகிறோம். படிப்பவருக்கு வாய்க்காலே தெரியாது.

ஆகவே சுவரை நெடுக்காகப் பட்டைகளாகப் பிரித்தேன். மூன்று மீட்டருக்கு அரை மீட்டர் அகலத்தில் ஆறு பட்டைகள், அ முதல் ஊ வரை. ஒவ்வொரு பட்டையிலும் மேலிருந்து கீழாக எண்ணிட்டு, முடிந்ததும் அடுத்த பட்டையின் உச்சிக்குப் போக வேண்டும். ஒரு பட்டை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் வாய்க்காலுக்குச் சமம், பட்டியலைப் படித்துக்கொண்டு போனால் தண்ணீர் போகும் திசையிலேயே போகலாம்.

சாய்வுத் தொல்லையும் இதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அரை மீட்டர் அகலத்துக்குள் இரண்டு பாகைச் சாய்வு 17 மில்லிமீட்டர்தான். அரைச் சீட்டான 38-க்குள் அது அடங்கிவிடும், எது மேலே எது கீழே என்பதில் குழப்பம் வராது. ஆனால் பட்டைக் கோடுகளைப் படத்தின் விளிம்புக்கு நேராகப் போடக் கூடாது, சுவரின் செங்குத்துக்கு நேராகப் போட வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதே சாய்வு கோட்டின் அடியை 52 மில்லிமீட்டர் நகர்த்திவிடும், ஓரத்தில் உள்ள சீட்டுகள் பட்டை மாறிவிடும். சுவர் மூலை, தூணின் விளிம்பு, கதவு நிலை எதையாவது பார்த்து அதற்கு இணையாகக் கோடு போட்டால் சரி. கோட்டின்மேல் ஏறி நிற்கும் சீட்டுக்கு ஒரே விதி: நடுப்புள்ளி எந்தப் பட்டையில் விழுகிறதோ அந்தப் பட்டை. நடுப்புள்ளியும் கோட்டிலேயே நின்றால் இடப் பட்டை. இந்த விதியை எண்ணிடத் தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டும். போகப் போக முடிவு செய்தால் ஒவ்வொரு கோட்டிலும் ஒவ்வொரு மாதிரி முடிவு வரும்.

கூட்டத்துக்கு முன்பே போக முடிந்தால் இன்னும் எளிது. கொங்கு நாட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. கோன் நூலை ஆணிக்கு ஆணி செங்குத்தாகக் கட்டி, ஒவ்வொரு இடைவெளியின் உச்சியிலும் அ, ஆ என்று எழுதிவிட்டால் போதும். படம் எப்படிச் சாய்ந்தாலும் நூலும் கூடவே சாயும். படத்தில் கோடு போடும் வேலையே இல்லை.

பட்டைவாரியாக எண்ணிக்கை இப்படி வந்தது: அ 7, ஆ 9, இ 12, ஈ 10, உ 11, ஊ 15. கூட்டினால் 64. இந்தச் சிறு எண்ணிக்கைகள் பெரிய உதவி. முழுச் சுவரில் ஒன்று குறைந்தால் 64-ஐயும் தேட வேண்டும், பட்டையில் ஒன்று குறைந்தால் பத்துப் பன்னிரண்டைத் தேடினால் போதும்.

இனி அடையாளம் இடுவது. இதில் மூன்று இடங்கள் உண்டு: சீட்டின்மேலேயே பென்சிலால் எழுதலாம், படத்தின் நகலில் எண் போடலாம், அல்லது பட்டியலில் மட்டும் எண் வைத்து இடத்தைச் சொற்களால் விவரிக்கலாம். மூன்றாவதைச் செய்ய வேண்டாம். ‘மேலே இடது பக்கம், பெரிய சீட்டுக்குக் கீழே’ என்பது எழுதியவருக்கே ஒரு வாரத்தில் புரியாது. சுவருக்கு முன் நிற்க வாய்த்தால் பென்சில்தான் சிறந்தது. உரித்துக் கட்டிய பிறகும் எண் சீட்டோடு போகும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை, கட்டு கலைந்துதான் கைக்கு வந்தது. அதனால் படத்தின் நகலில் எண் போட்டேன். மூலப் படத்தைத் தொடவில்லை. வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு எண், சீட்டின் மேல் வலது மூலையில். பெரும்பாலோர் இடப்பக்கமிருந்து எழுதத் தொடங்குவதால் அந்த மூலைதான் காலியாக இருக்கும். ஒரு வரி அந்த மூலை வரை ஓடியிருந்தால் வட்டத்தைச் சீட்டுக்கு வெளியே வைத்தேன். எழுத்தின்மேல் எண் விழவே கூடாது.

எண் போட முழுச் சுவர்ப் படம் நல்லது, எழுத்தைப் படிக்க அது உதவாது. 4000 பிக்சல் அகலப் படத்தில் மூன்று மீட்டர் சுவர் அடங்கினால் ஒரு சீட்டுக்குக் கிடைப்பது 100 பிக்சல். ஆறு மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு எட்டே பிக்சல். அதில் புள்ளி போன இடம் தெரியாது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகிவிடும். 1.2 மீட்டர் சுவரை மட்டும் எடுத்த படத்தில் அதே எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கிறது, சிரமப்படாமல் படிக்கலாம். மூன்று நெருக்கப் படங்கள் 30 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்தன, ஆகவே சில சீட்டுகள் இரண்டு படத்திலும் வரும். முதலில் முழுப் படத்தில் எல்லா எண்களையும் போட்டுவிட்டு, அதே எண்களை நெருக்கப் படங்களுக்கு மாற்றினால் இரட்டிப்பு நேராது. நெருக்கப் படத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் நிச்சயம் நேரும். இன்னொன்று, படங்களைச் செய்திச் செயலியில் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், நெருங்கி எடுத்த பலன் வழியிலேயே போய்விடும்.

ஒவ்வொரு சீட்டையும் எழுதிய விதம் இது. எண், பட்டை, நிறம், சொற்கள், பொருள்:

```
17 | இ | மஞ்சள் | மதகுக் கதவு / துருப்பிடித்து / [2 சொல் படிக்க முடியவில்லை] | மதகு
18 | இ | பச்சை | [15 அல்லது 75] நாள் முன்பே / தூர் வாரலாம் | தூர்வாருதல்
19 | இ | மஞ்சள் | [வெற்றுச் சீட்டு] | -
```

சாய்கோடு என்பது சீட்டில் வரி முடியும் இடம். சதுர அடைப்புக்குள் இருப்பது என் சொல், வெளியே இருப்பது எழுதியவர் சொல். 18-ஐக் கவனியுங்கள். மேலே சிறு கொக்கி வைத்து எழுதிய ஒன்றும் ஏழும் பலர் கையெழுத்தில் பிரிக்க முடியாதவை. 15 தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் தோன்றியதை எழுதவில்லை. 17-இல் கீழ் வரி படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் கையெழுத்து அல்ல. கட்டிலிருந்து சீட்டைக் கீழிருந்து மேலாகத் தூக்கி உரித்ததில் அது சுருண்டு, கீழ் ஓரம் சுவரை விட்டு எழும்பி, நிழல் விழுந்துவிட்டது. பக்கவாட்டில் இழுத்து உரித்தால் தட்டையாக ஒட்டும். கூட்டம் நடத்துபவர்கள் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதி நிழல் குறையும். 19 வெற்றுச் சீட்டு. அதற்கும் எண் உண்டு, இல்லாவிட்டால் நிறக் கணக்கு உதைக்கும்.

மக்களே கூட்டத்தில் சீட்டுகளை நகர்த்தி, குழுவாக்கி, தலைப்பும் ஒட்டிவிட்ட சுவருக்கு என் பட்டைகள் பொருந்தா. அங்கே குழுதான் பட்டை. தலைப்புச் சீட்டுக்கு முதல் எண் கொடுத்து, அதன் கீழ் உள்ளவற்றை மேலிருந்து கீழாகத் தொடரலாம். குழுவை அமைத்தவர்கள் அவர்கள், எழுதுபவர் அல்லர் என்பதுதான் மூன்றாவது வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாம் முடித்துக் கட்டோடு ஒப்பிட்டபோது சீட்டு 65 இருந்தது. படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். இ பட்டையில் 27-ஆம் சீட்டின் அடியில் இன்னொரு மஞ்சள் ஓரம், விரல் நக அகலத்துக்கு வெளியே தெரிந்தது. முன்பொரு கூட்டத்தில் இப்படி வந்தபோது அதை இடையில் செருகி, பின்னால் வந்த எல்லா எண்களையும் ஒன்று கூட்டினேன். அதற்குள் அந்த எண்களை வைத்து வேறொருவர் அறிக்கை எழுதத் தொடங்கியிருந்தார். அவர் எழுதிய ஒவ்வொரு மேற்கோளும் பக்கத்துச் சீட்டுக்குப் போய்விட்டது, திருத்த இரண்டு நாள் ஆயிற்று. இந்த முறை புதிய சீட்டுக்கு 65 என்றே கடைசி எண் கொடுத்தேன். பட்டை என்ற கட்டத்தில் ‘இ, 27-இன் கீழ்’ என்று எழுதினேன். மஞ்சள் 31 என்ற கணக்கை 32 என்று திருத்தி, திருத்திய காரணத்தையும் பக்கத்தில் குறித்தேன். முத்தூர்ப் பெரியவரின் சீட்டு 58, ஊ பட்டை. அது அப்படியே இருந்தது.